தாய்ப்பாலில் கொலஸ்ட்ரால்: பச்சைப்பிள்ளைக்கு ஏன் கொழுப்பு வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரை பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி நாளில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்ட கேள்விகளும், இப்போது போனில் கேட்கும் கேள்விகளும்தான் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

தாய்ப்பாலில் கொலஸ்ட்ரால் இருக்காமே, மெய்யா நர்சம்மா?

மெய்தான். 100 மில்லி தாய்ப்பாலில் சுமாராக 10 முதல் 20 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கும். மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய 4 கிராம். பாலில் பிள்ளைக்குக் கிடைக்கும் சக்தியில் பாதி இந்தக் கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

இது எவ்வளவு என்று விளங்க ஒரு கணக்குப் போடலாம். ஆறு மாதப் பிள்ளை, 7 கிலோ எடை, ஒரு நாளைக்கு 800 மில்லி பால் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 32 கிராம் கொழுப்பும், 100 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ராலும் உள்ளே போகிறது. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள ஆள் சாப்பிடுவதானால் தினமும் கால் லிட்டருக்கும் மேலே எண்ணெய் குடித்து, கூடவே நாலைந்து முட்டையும் தின்ன வேண்டும். நம்மால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பிள்ளை அதைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது.

பெரியவங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்றதை, பிள்ளைக்கு மட்டும் குடுன்னா எப்படி?

வீடு கட்டும் இடத்தில் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்தால் அது சாமான். கட்டி முடித்த வீட்டு வாசலில் அதே மூட்டை கிடந்தால் வழியடைப்பு.

கொலஸ்ட்ரால் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் தோலிலும் இருக்கிறது. அது இல்லாமல் புதுச் செல் ஒன்றும் உருவாகாது. கொழுப்பைக் கரைக்கும் பித்தநீரும், சில ஹார்மோன்களும் அதிலிருந்துதான் ஆகின்றன. பிள்ளை ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்காகிறது, ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. பிறக்கும்போது 350 கிராம் இருந்த மூளை ஒரு வயதில் 900 கிராமுக்கு வந்துவிடுகிறது. வளர்ந்து முடித்த நமக்கு அந்தச் செலவு கிடையாது. பழுதுபார்க்கும் வேலை மட்டும்தான். அதற்கு வேண்டியதை ஈரலே செய்துகொள்கிறது. மிஞ்சியது ரத்தத்தில் சுற்றிச் சுற்றி, வருஷக்கணக்கில் இதயக் குழாயின் உள்சுவரில் படிகிறது. நமக்கு ஆகாது என்று டாக்டர் சொல்வது இந்தப் படிவைத்தான்.

பிறந்த அன்றைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் 70க்குப் பக்கத்தில்தான் நிற்கும். பால் குடிக்கக் குடிக்க, சில மாதங்களில் அது இரண்டு மடங்காகும். அது நோய் இல்லை, அந்த வயதின் இயல்பு.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். தாய்ப்பாலிலுள்ள கொலஸ்ட்ரால் நேரே மூளைக்குப் போய் மூளையை வளர்க்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது சரியில்லை. ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. பாலிலிருந்து மூளைக்குக் கிடைப்பது வேறு இரண்டு. ஒன்று, அந்த வேலையை நடத்துவதற்கான சக்தி. பிள்ளை சும்மா கிடக்கும்போது செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைதான் எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று, ஒமேகா-3 வகைக் கொழுப்பான டி.எச்.ஏ. நம் கரைக்கு அது ரொம்பச் சொந்தமான சங்கதி என்பதால் மீன் கேள்வியில் சொல்கிறேன்.

பிரசவமாகி மூணு மாசம். ரத்தம் எடுத்ததில் கொலஸ்ட்ரால் 246னு வந்திருக்கு. மாமியா பாலை நிறுத்தச் சொல்றாக.

நிறுத்த வேண்டாம்மா. கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொலஸ்ட்ரால் ஏறும். பிள்ளைக்கும் பாலுக்கும் வேண்டியதை உடம்பு சேர்த்து வைப்பதால் வருவது அது. பிரசவம் ஆன மறுநாளே இறங்கிவிடாது, மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். அதனால் மூன்றாம் மாதத்தில் எடுத்த ஒரு சீட்டை வைத்து உனக்குக் கொலஸ்ட்ரால் நோய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. பால்குடி மறக்கடித்த பிறகு இன்னொரு தடவை எடுத்துப் பார்.

உன் ரத்தத்திலுள்ள கணக்கு அப்படியே பாலுக்குப் போவதும் இல்லை. மார்பு தன் அளவில்தான் பாலைக் கூட்டுகிறது.

இரண்டு இடத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தாலோ, உன் அப்பா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ டாக்டரிடம் போ. அப்போதும் பாலை நிறுத்தாதே. ஏற்கெனவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால்தான் பேச வேண்டியது இருக்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் அந்த மாத்திரை வேண்டாம் என்பதுதான் வழக்கமான அறிவுரை. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சில மாதம் மாத்திரையை நிறுத்தி வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதை உன் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நண்டு, இறால், கணவாய் தின்னா பாலில் கொலஸ்ட்ரால் ஏறிடுமா? அப்பத்தா சுறாப்புட்டு மட்டும்தான் தரும்.

ஏறாது. 100 கிராம் கணவாயில் 200 மில்லிகிராமுக்கும் மேல் கொலஸ்ட்ரால் உண்டு, இறாலிலும் நிறைய இருக்கிறது. ஆனாலும் தாய் என்ன தின்றாலும் பாலிலுள்ள கொலஸ்ட்ராலின் அளவு அவ்வளவாக மாறாது. மொத்தக் கொழுப்பின் அளவும் அப்படித்தான். மாறுவது அந்தக் கொழுப்பின் வகை.

டி.எச்.ஏ. என்று மேலே சொன்னேனே, அது தாய் தின்பதைப் பொறுத்தே பாலில் கூடும், குறையும். மீனே தொடாத ஊர்களில் தாய்மார் பாலில் அது குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் தின்னும் கரையில் அதிகம். அதிலும் எண்ணெய்ச் சத்துள்ள சின்ன மீன்தான் நல்லது. சூடை, சாளை, நெத்திலி. வாலாந்தரவை, தொண்டி என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் விலை மலிவு. விலை மலிவு என்பதாலேயே பிள்ளை பெற்றவளுக்கு அதைக் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாதபோதும், நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் சின்ன மீன் கிடைக்கும்.

சுறாப்புட்டு தின்றால் பால் ஊறும் என்பது பிள்ளை சப்பச் சப்ப ஊறுவதைத்தான் புட்டின் கணக்கில் எழுதுவது. புட்டில் புரதம் உண்டு, ருசியும் உண்டு, அப்பத்தா மனசும் நிறையும். நான் தடுக்க மாட்டேன். பெரிய சுறாவில் மட்டும் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அதை வழக்கமாக்க வேண்டாம். குட்டிச்சுறா எப்போதாவது போதும், மற்ற நாள் சூடைக் குழம்பு வைக்கச் சொல்.

என் பால் தண்ணி மாதிரி, நீலம் பூத்தாப்புல இருக்கு. கொழுப்பே இல்லையோ?

முதலில் வருவது அப்படித்தான் இருக்கும். மார்பு நிறைந்திருக்கும்போது வரும் பாலில் கொழுப்பு கம்மி. மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். கடைசியில் வருவதில் முதலில் வந்ததைப் போல் இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம்.

பாம்பனில் ஒரு தாய் இப்படித்தான் அழுதாள். பீய்ச்சிய பாலை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே மஞ்சள் வெள்ளையாக நகத்தின் தடிமனுக்கு ஏடு நின்றது, கீழே நீலம் பூத்த தண்ணீர். மாமியார் கெட்டுப்போச்சு என்று ஊற்றப் போனார். கெடவில்லை. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அந்த ஏடுதான் நாம் இவ்வளவு நேரம் பேசும் கொழுப்பு.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் இந்தப் பக்கம், ஐந்து நிமிஷம் அந்தப் பக்கம் என்று மாற்றாதே. ஒரு பக்கத்தைப் பிள்ளை தானாக விடும்வரை குடிக்கட்டும், பிறகு அடுத்த பக்கம் கொடு. அவசரமாகப் பக்கத்தை மாற்றினால் பிள்ளைக்கு முதலில் வரும் முன்பாலே நிறையக் கிடைத்து, வயிறு உப்பி, பச்சையாகவும் நுரையாகவும் வெளிக்குப் போகலாம். பிள்ளை எடை ஏறிக்கொண்டிருந்தால் முன்பால், பின்பால் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. ஒரு நாளைக்குள் எல்லாம் சேர்ந்து சரியாகிவிடும்.

டப்பா பாலில் கொலஸ்ட்ரால் இல்லைன்னு சொல்றாகளே, அப்ப அதுதானே நல்லது?

பெரும்பாலான மாவுப்பால் தாவர எண்ணெயில் செய்வது. அதனால் அதில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு. பிள்ளை அதை எப்படிச் சமாளிக்கிறது என்றால், தன் ஈரலிலேயே கூடுதலாகக் கொலஸ்ட்ரால் செய்துகொள்கிறது. மாவுப்பால் குடிக்கும் பிள்ளைகளின் உடம்பு தாய்ப்பால் குடிப்பவர்களைவிடப் பல மடங்கு வேகமாக அதைத் தயாரிக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பு எப்பாடு பட்டாவது தயாரிக்கும் ஒரு பொருளைப் பிள்ளைக்கு நஞ்சு என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. கைப்பிள்ளையில் ரத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருப்பது தாய்ப்பால் குடித்தவர்களுக்குத்தான். வளர்ந்து ஆளான பிறகு பார்த்தால் அவர்களுக்கே கொஞ்சம் குறைவு. வித்தியாசம் சின்னதுதான், அதைப் பெரிதாக ஊதக் கூடாது. ஏதோ காரணத்தால் மாவுப்பால் கொடுக்க வேண்டி வந்த தாய்மார் இதைப் படித்துக் கலங்கவும் வேண்டாம்.

ஒன்பது மாசப் பொம்பளப்பிள்ளை. பாலும் குடிக்குது, கஞ்சியும் குடிக்குது, எடை மட்டும் ஏறமாட்டேங்குது. கஞ்சியில எண்ணெய் ஊத்தலாமா, நெஞ்சடைப்பு வராதா?

ஊற்றலாம், ஊற்றணும். நான் கண்ட ஒரு வீட்டுக் கதையை முழுசாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டோடு பொருந்துகிறதா பாருங்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்து ஊர். அந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் 6.8 கிலோ. ஒன்பது மாதத்தில் அங்கன்வாடித் தராசில் 7 கிலோ. அந்த மூன்று மாதத்தில் 900 கிராம் அளவுக்கு ஏறியிருக்க வேண்டியது 200 கிராம்தான் ஏறியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, பிள்ளை சிரிக்கிறது, தவழ்கிறது. தாய் தினமும் ஐந்து தடவை பால் கொடுக்கிறாள். மூன்று வேளை கஞ்சி.

கஞ்சியைக் காட்டச் சொன்னேன். சில்வர் டம்ளரில் வந்தது. டம்ளரைச் சாய்த்தால் பால் மாதிரி ஓடியது, சுவரில் ஒட்டவே இல்லை. வடித்த கஞ்சி, ஒரு கல் உப்பு, வேறு ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டால், வீட்டில் தாத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறதாம். வைத்த டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வீடே குறைத்துவிட்டது. தாளிப்பு போனது, முட்டை போனது, பாக்கெட் பாலும் கொழுப்பெடுத்ததாக மாறியது. தாத்தாவுக்கு எழுதிய சீட்டில் பேத்தியும் மருந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு இப்படி. ஒன்பது மாதத்தில் தாய்ப்பால் போக மற்றச் சாப்பாட்டிலிருந்து 300 கலோரி அளவுக்கு வர வேண்டும். அந்த மாதிரிக் கஞ்சி 150 மில்லியில் 40 கலோரிக்குமேல் தேறாது. மூன்று வேளைக்கு 120. பிள்ளையின் இரைப்பை 200 மில்லியோடு நிறைந்துவிடும். தண்ணீரால் வயிறு நிறைந்து பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பசியில்லை என்று நாம் நினைக்கிறோம். இன்னும் ஒரு டம்ளர் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. அதே அளவுக்குள் சக்தியைக் கூட்ட வேண்டும். ஒரு கிராம் மாவிலோ புரதத்திலோ 4 கலோரி, கொழுப்பில் 9. அதற்குத்தான் எண்ணெய்.

மாற்றியது இவ்வளவே. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் வழியாமல் தொப்பென்று விழும் பக்குவத்தில் மசித்தது. ஒரு வேளைக்கு அரை டம்ளர். இறக்கிய பிறகு அதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய். அரை டம்ளர் பருப்புச் சோற்றில் 90 கலோரி, எண்ணெயில் 40. மூன்று வேளையும் முழுசாகத் தின்றால் 390. கொஞ்சத்தைத் துப்பினாலும் 300க்குக் கீழே போகாது. ஒரு வேளையில் முட்டையின் மஞ்சளோ, முள்ளெடுத்து விரலால் பிசைந்து பார்த்த மீனோ சேர்த்தார்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் அது ஒன்றையே ஊற்றினால் பிள்ளைக்கு வேண்டிய வேறு சில கொழுப்புகள் கிடைக்காது. மாற்றி மாற்றி ஊற்றுங்கள். உப்பைக் குறைத்தோம். கருவாடு வேண்டாம் என்றேன். கொழுப்பெடுத்த பாலையும் நிறுத்தினார்கள். ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலின் இடத்தில் எந்தப் பசும்பாலும் வேண்டாம்.

முதல் மாதம் 350 கிராம் ஏறியது, இரண்டாம் மாதம் 300. தாத்தா தன் பத்தியச் சாப்பாட்டைத் தனிக் கிண்ணத்தில் சாப்பிட்டார்.

எண்ணெய்க்கும் எல்லை உண்டு. வேளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேலே போனால் பருப்பும் மீனும் தர வேண்டிய புரதத்துக்கும் இரும்புக்கும் வயிற்றில் இடமிருக்காது. அடர்த்தியாக்கி ஒரு மாதம் ஆகியும் எடை நகரவில்லை என்றாலோ, மலம் வெளிறி, பிசுபிசுப்பாக, மிதந்து, கடுமையாக நாறினாலோ கொழுப்பு செரிக்காமல் போகலாம். அதற்குக் குழந்தை டாக்டர் வேண்டும், சமையல் போதாது. எடை பார்க்கும்போது ஒரே தராசு, துணி இல்லாமல். தராசு மாறியதால் 300 கிராம் ‘குறைந்து’ அழுத தாய்மாரை எண்ணி மாளாது.

பச்சைப்பிள்ளை அவ்வளவு கொழுப்பைச் செரிக்குமா?

பிள்ளையின் கணையம் அந்த வயதில் பாதி வேலைதான் பார்க்கும். மிச்சத்துக்குத் தாய்ப்பாலே கொழுப்பைக் கரைக்கும் ஒரு நொதியைச் சேர்த்து அனுப்புகிறது, பிள்ளையின் இரைப்பையிலும் ஒன்று உண்டு. பாலைக் கொதிக்கவைத்தால் அந்த நொதி செத்துப்போகும். பீய்ச்சி வைத்த பாலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கதகதப்பாக்கினால் போதும், அடுப்பில் ஏற்றாதீர்கள்.

எத்தனை வயசு வரைக்கும் இப்படி?

இரண்டு வயது வரை கொழுப்பைக் குறைக்கிற பேச்சே வேண்டாம். பாலில் பாதிச் சக்தி கொழுப்பிலிருந்து வந்தது, கூட்டுணவு சேரச் சேர அது மெல்ல இறங்கி, இரண்டு வயதில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வரும். அதன் பிறகு வீட்டுச் சாப்பாடுதான், வீட்டு அளவுதான். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தனியாக நெய் ஊற்றிக் குழைத்து ஊட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பொரித்த எண்ணெயையே நாலு நாள் திருப்பிச் சுடவைத்து மீன் பொரிப்பது எந்த வயதுக்கும் ஆகாது.

என் வீட்டுக்காரரோட வாப்பாவுக்கு 38 வயசுல மாரடைப்பு, வீட்டுக்காரருக்கும் இப்ப கொலஸ்ட்ரால் 340. பிள்ளைக்குப் பால் கொடுக்கறதை நிறுத்தணுமா?

கீழக்கரையிலிருந்து கேட்ட கேள்வி. மற்றக் கேள்விகளைவிட இதை நான் கனமாக எடுத்துக்கொண்டேன்.

பால் கொடுங்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் இது சாப்பாட்டால் வந்த கொலஸ்ட்ரால் மாதிரித் தெரியவில்லை. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை ஈரல் எடுக்க முடியாத ஒரு பிறவிக் குறை குடும்பங்களில் வருவதுண்டு. தகப்பனுக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒன்று வாய்ப்பு. அதனால் முதலில் உங்கள் வீட்டுக்காரர் இதய டாக்டரிடம் போகட்டும், அவர் சீட்டு தெளிவானால்தான் பிள்ளையைப் பற்றிப் பேச முடியும். பிள்ளைக்கு இரண்டு வயதுக்கு முன் ரத்தம் எடுப்பது வழக்கமில்லை. இரண்டு வயதுக்குப் பிறகு, பள்ளிக்கூடப் பருவத்துக்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும். மருந்து வேண்டியிருந்தாலும் அதை எட்டு, பத்து வயதில்தான் தொடங்குவார்கள்.

நீங்கள் இருவரும் சொந்தத்தில் கட்டியவர்களா என்றும் கேட்டேன். தாய் தகப்பன் இருவர் வழியிலும் அந்தக் குறை வந்தால் பிள்ளைக்கு அது மிகக் கடுமையாக இருக்கும். முழங்கை, முட்டி, குதிகால் நரம்பு, பின்பக்கம் இந்த இடங்களில் மஞ்சளாகக் கட்டி கட்டியாகத் தோலில் எழும்பும். அப்படி ஒன்றைக் கண்டால் வயதைப் பார்க்காமல் அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.